நெல்லிச்சாறும் பால்கோவாப் பழியும்

சர்க்கரை வியாதி உள்ளவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் உத்தியோகம் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவன் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் எவரும் நம்ப மாட்டார்கள். பட்டவன் சொல்கிறேன்.

எனக்கு அங்கே கோர்ட்டில் கிளார்க் வேலை. வீடு ராஜபாளையத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்கு நடக்கும் வழியில் எத்தனை பால்கோவாக் கடை என்று கேட்காதீர்கள். காலையிலேயே வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும். அந்த மணம் என் சட்டையில் ஏறி, டிக்கெட் வாங்காமல் என்னோடு பயணம் செய்து, வீட்டு வாசலில் என் மனைவியின் மூக்கில் போய் இறங்கும். தண்ணீர் கொடுக்கும் சாக்கில் கிட்டே வந்து அவள் மோந்து பார்ப்பாள். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போனது. போன பிறகும் அந்த மனிதர் தலையணைக்கு அடியில் அதிரசத்தை வைத்துக்கொண்டு, தொடவே இல்லை என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்குக் கணவனாக வந்தவன் நான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று அவள் அழவில்லை. என் கால் இரண்டையும் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. விரலில் குத்தி வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் சின்ன மிஷினெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்திருக்கவில்லை. ரத்தம் கொடுக்க லேபுக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை. அந்த அலைச்சலுக்குப் பயந்து எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மெடிக்கல் கடையில் நீல மருந்து ஒரு பாட்டில், ஒரு டெஸ்ட் டியூப், ஒரு ஸ்பிரிட் விளக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்கட்டில் உட்கார்ந்து, டியூபில் நீல மருந்தை ஊற்றி, அதில் என் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பார்ப்பாள். நீலம் நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்துக்குப் போனால் ஆள் ஆபத்தில் இருக்கிறான். எனக்கு எப்போதும் நீலம்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போடுவேன், சோற்றை அளந்து தின்பேன். அந்த நீலத்தைப் பார்க்கும்போது அவள் முகம் ஒரு தளர்வு தளரும் பாருங்கள், அதற்காகவே எத்தனை பால்கோவாக் கடையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டலாம்.

அந்த வருஷம் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொன்னார். "வைட்டமின் சி உள்ளதாவும் சேத்துக்கங்க. இங்கன மலையடிவாரம் பூரா நெல்லிக்கா கெடக்குதுல்ல, அதைத் தின்னுங்க" என்றார். எவ்வளவு, எப்படி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நெல்லிக்காயைத் தின்ன ஒருவன் டாக்டரிடம் அளவு கேட்பானா?

முதலில் நெல்லிக்காய்ப் பொடிதான் வாங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் தகர டப்பாவிலிருந்து அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். கறுத்த தவிட்டு நிறம். வாயில் போட்டால் துவர்ப்பு இருந்தது, புளிப்பைக் காணோம். எனக்கு அப்போதே சந்தேகம். இது நெல்லிக்காய்தானா, இல்லை வேறு எதையாவது இடித்துத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "வெயில்ல காஞ்சா நெறம் இப்படித்தான் இருக்கும் சார், போன வருஷத்துச் சரக்கு" என்றார், அதில் ஏதோ பெருமை இருப்பதுபோல. தினமும் ஒரு ஸ்பூன் மோரில் கலக்கிக் குடித்தேன். ஈறு அப்படியேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டியூப் நீலமாகவே இருந்தது.

அப்புறம்தான் சாறு வந்தது. காலையில் நடக்கப் போகும் மைதானத்து ஓரத்தில், தெலுங்கு பேசும் பெரியவர் ஒருவர் பச்சை நெல்லிக்காயை அரைத்துப் பிழிந்து விற்க ஆரம்பித்தார். செண்பகத்தோப்புப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து காய் வருகிறது என்றார். நடக்க வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்று டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். என் மனைவியும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"காய வெச்சா சத்து பூரா போயிருமாம். சாறுதான் சத்தாம். அந்தப் பொடியத் தூக்கிக் குப்பையில போடுங்க."

"பொடியில போகுதுன்னு யாரு பாத்தா?"

"எல்லாரும் சொல்லுதாவ."

"எல்லாரும் சொல்றதைக் கேக்கத்தான் நான் கோர்ட்டுல சம்பளம் வாங்குறேன். அதுல முக்காவாசி பொய்யி."

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டுக் குடிங்க" என்றாள். குடித்தேன்.

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. முகம் ஒரு கோணல் கோணிக்கொள்ளும், பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். ஆனால் எங்கள் வீட்டில் எதையும் அளவோடு செய்த சரித்திரம் கிடையாது. நல்லது என்றால் அது எம்புட்டு இருந்தாலும் நல்லதுதான் என்பது அவள் கட்சி. காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய டம்ளர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று, அவள் பாட்டிலில் வாங்கி வைத்தது. பல் கூசியது. நெஞ்சு எரிந்தது. ஈறில் ரத்தம் குறைந்த மாதிரி இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டியூப் பச்சையானது.

விளக்கை அணைத்துவிட்டு அவள் டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வேப்பிலை மாதிரி பச்சை. கண்ணால் பார்ப்பதை மறுக்க முடியவில்லை.

"என்ன தின்னிய?"

"நீ போட்டதைத்தான் தின்னேன்."

"நான் போட்டதைத்தான் இத்தன வருஷமும் தின்னிய. அப்பெல்லாம் நீலமா இருந்துச்சே?"

டியூபையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோர்ட்டில் இப்படி நிற்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதவனும் திருதிருவென்றுதான் முழிப்பான். அன்று அந்த முழி என்னிடம் இருந்தது, அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்குச் சந்தேகம் முழுக்கச் சாறு விற்கிறவர் மேல்தான். புளிப்பு தெரியாமல் இருக்கச் சீனியைப் போட்டுத் தொலைக்கிறார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் இருட்டோடு இருட்டாக மைதானத்துக்குப் போய் வேப்ப மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். காயை வெட்டினார், கொட்டையை எடுத்தார், கல்லில் இடித்தார், துணியில் பிழிந்தார், உப்பும் இஞ்சியும் போட்டார். சீனி வரவில்லை. நான் பக்கத்தில் போய் நேராகவே கேட்டேன்.

"சீனி எங்க வெச்சிருக்கீரு?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சக்கெர லேது, ஒட்டு!" என்று சத்தியம் செய்தார். பிறகு எனக்குப் புரியாதோ என்று தமிழிலும் சொன்னார். "ஒரு துளி சீனி போட்டிருந்தா என் கை வெளங்காது சாமி. நம்பிக்கையில்லன்னா குடிக்காதேயும், போயிரும்!"

சத்தியத்தை வைத்து நான் யாரையும் விட்டதில்லை. டம்ளரில் வாங்கி, நாலடி தள்ளிப் போய், எறும்பு ஊரும் இடமாகப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குந்தியிருந்தேன். நடக்க வந்தவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு போனார்கள். எறும்புகள் வந்தன, மீசையை நீட்டின, சுற்றிக்கொண்டு போய்விட்டன. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

"அப்பம் அவரு போடல. பொறவு யாரு போட்டா?" என்றாள் அவள். சந்தேகத்தைத் தீர்க்கப் போய், பழியைப் போட எனக்கு இருந்த ஒரே ஆளையும் நானே விடுதலை செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அவள் காயை வாங்கி வீட்டிலேயே அரைத்தாள். வெளியாள் கை படாத சாறு. டம்ளர் இன்னும் பெரிதானது, ஏனென்றால் இப்போது காய் மலிவு. அடுத்த ஞாயிறும் பச்சை. அதற்கடுத்த ஞாயிறு பச்சையில் லேசாக மஞ்சள் ஓடியது. அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள். பிள்ளைகள்கூடச் சாப்பாட்டு நேரத்தில் என் வாயையே பார்த்தார்கள். ஆபீஸ் பையைத் தேடினாள். சட்டைப் பையைக் கவிழ்த்தாள். நான் என்ன கைதியா? ஒரு நாள் கத்தியே விட்டேன். அவள் கத்தவில்லை. "கால் போனா நான்தான தூக்கிச் சொமக்கணும்" என்றாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல வேலை, ம்?" அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாத்திரையைக் கூட்டி எழுதினார். "ரத்தமும் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லத்தான் செய்தார். அந்த வாரம் முழுக்கக் கோர்ட்டில் சாட்சி விசாரணை, லீவு கிடைக்கவில்லை. மாத்திரை மட்டும் உள்ளே போனது, ரத்தம் பார்க்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாட்சி விசாரணை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி நீண்டது. வழக்குக் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கப் போனேன், கை நடுங்கியது. நெற்றியில் வேர்வை, அதுவும் சில்லென்று. எதிரில் இருந்த வக்கீலுக்கு இரண்டு தலை தெரிந்தது. பசி என்றால் அப்படி ஒரு பசி, வயிற்றை யாரோ உள்ளிருந்து பிடுங்குகிற மாதிரி. எப்படியோ வராந்தா வரை வந்து தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கோர்ட் டவாலி, பேர் கூப்பிடுகிறவர், அவர் வீட்டிலும் சர்க்கரைக்காரர் உண்டு. என்னைப் பார்த்ததும் "ஏலே, ஓடு, இனிப்பு எதாச்சும் வாங்கிட்டு வா!" என்று யாரையோ விரட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இனிப்பு வாங்கி வா என்றால் என்ன வரும்? பால்கோவாதான் வந்தது. இலையோடு என் வாயில் திணித்தார்கள். பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் ஒழுகியது. கண் தெளிய நேரமானது. தெளிந்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு உயிர் பிழைத்தோம் என்பதல்ல. இந்தச் சட்டையோடு வீட்டுக்கு எப்படிப் போவது என்பதுதான்.

பைப்படியில் கழுவிப் பார்த்தேன். நெய்க்கறை போகுமா? பஸ்ஸில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் பையை வாங்கக் கை நீட்டினாள். கொடுக்க மாட்டேன் என்று நான் இழுக்க, அவள் பிடுங்க, கறை வெளியே வந்தது.

"இப்பம் என்ன சொல்லப் போறிய?"

நடந்ததைச் சொன்னேன். மயக்கம் வந்தது, அவர்கள் திணித்தார்கள் என்றேன். என் காதுக்கே அது கோர்ட்டில் கேட்கும் கதை மாதிரி இருந்தது.

"எங்கப்பாவும் இப்படித்தான் சொன்னாவ. மயக்கம் வந்துச்சு தாயி, அதான் ஒரு வாய் தின்னேன்னு." சொல்லிக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள். கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவளிடம் துளிகூட இல்லை. "நீங்க தின்னது கூடப் பெருசில்ல. என்கிட்ட பொய் சொல்றிய பாத்தியளா."

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் கை மடங்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு கடை தாண்டிப் போன நாட்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. வீம்புக்குத்தான் சொன்னேன், அதில் ஒரு விஞ்ஞானமும் கிடையாது.

"நீ நான் திங்கிறதைத்தான் திங்கிறே. அந்தச் சாறு ஒண்ணுதான் நீ குடிக்கிறதில்ல. நாளைக்கு நீயும் எனக்குக் குடுக்கிற அளவு குடி. ஒன்னோடதையும் சுட்டுப் பாரு. நீலமா வந்தா நான் திருடன். வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்துக்கிடுதேன்."

"குடிச்சாப் போச்சு" என்றாள் அவளும் வீம்புக்கு.

குடித்தாள். மறுநாள் காலை பெரிய டம்ளர், சாயங்காலம் ஒன்று, அடுத்த நாள் காலையும் ஒன்று. மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு, என்னையே முறைத்துக்கொண்டு குடித்தாள். சாட்சி விசாரணை முடிந்துவிட்டதால் அன்று லீவு போட்டிருந்தேன். பத்து மணிவாக்கில் பின்கட்டில் விளக்கைப் பற்ற வைத்தோம். அவளுக்குச் சர்க்கரை கிடையாது, முந்தின வருஷம்தான் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்திருந்தோம். டியூபில் சொட்டு விட்டு நானே சுட்டேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நீலம் கொதித்தது. ஆறியது. பச்சையானது.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத்தான் எழுந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் குதிப்பதை மறந்துவிட்டேன். ரத்தம் சுண்டிப் போய் நின்றாள். "எனக்கும் வந்துருச்சா? எங்கப்பா சொத்து எனக்கும் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்தாள். "வரல, வரல, இரு" என்றேன். எனக்கு என்ன தெரியும்? கையில் இருந்ததெல்லாம் ஒரு பச்சை டியூப்.

மருந்துதான் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம். வெறும் தண்ணீரை எட்டுச் சொட்டு விட்டுச் சுட்டுப் பார்த்தேன். நீலம் அசையவில்லை. மருந்து சரிதான். அப்படியானால் என்ன? அவளும் நானும் ஒரே சமயத்தில் பால்கோவாத் திருடர்களா?

அன்றே இரண்டு பேரும் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் ரிசல்ட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். அவர் முதலில் அவளுடையதைப் பார்த்தார். "ஒங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. சுத்தம்." அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு என்னுடையதைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

"இது கூடுதலே இல்லையே. கொறைச்சலால்ல இருக்கு? இதுக்கு மேல எறக்குனா ஆளே விழுந்துருவாரு. மயக்கம் எதும் வந்துச்சா?"

அவளைப் பார்த்தேன். "வந்துச்சு டாக்டர்" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "வேர்த்து, கை நடுங்கி, கோர்ட்டுல விழப் பாத்தாவ. பால்கோவாவ வாயில வெச்சுத்தான் எழுப்புனாவளாம்." நான் சொன்னதை வரி பிசகாமல் சொன்னாள். முதன்முதலாக என் வாக்குமூலத்தை ஒருவர் படித்துக் காட்டக் கேட்டேன்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு பேரும் என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள். எவ்வளவு என்றார். கையால் டம்ளர் உயரத்தைக் காட்டினாள்.

"அடக் கடவுளே! நெல்லிக்கா தின்னுங்கன்னா தோப்பையே பிழிஞ்சு குடிச்சிருக்கீங்களேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். அந்த நீல மருந்துக்குச் சர்க்கரையை அடையாளம் தெரியாதாம். அதில் இருக்கும் செம்புச் சத்தோடு வினை செய்கிற எதைக் கண்டாலும் அதன் நிறம் மாறும். சர்க்கரையும் மாற்றும், வைட்டமின் சி-யும் மாற்றும். உடம்பு வைட்டமின் சி-யைத் தேவைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சேர்த்து வைக்காமல் சிறுநீரில் தள்ளிவிடும். நாங்கள் குடித்த குடிக்கு மிச்சம்தான் அதிகம். அது டியூபில் போய்ச் சர்க்கரை வேஷம் போட்டிருக்கிறது. "ரெண்டு நாள் சாறை நிறுத்திட்டுச் சுட்டுப் பாருங்க, நீலமாயிரும். நானும் ரத்தம் வர்றதுக்கு முந்தியே மாத்திரையக் கூட்டியிருக்கக் கூடாது" என்று அவரே பழைய அளவுக்கு எழுதினார்.

எனக்கு விட மனமில்லை. "அப்பம் பொடி குடிச்சப்ப ஏன் பச்சையாகல? சத்தே இல்லையா அதுல?" என்று கேட்டேன்.

"சத்தே இல்லைன்னு சொல்ல முடியாது. நிழல்ல காய வெச்சு, புதுசா இடிச்சு, ஈரமும் வெளிச்சமும் படாம இறுக்கி மூடி வெச்சா பொடியிலயும் கணிசமா நிக்கும். நீங்க வாங்குனது வெயில்ல காஞ்சது, வருஷம் போனது, டப்பா தெறந்தே கெடந்தது. அதுல பாதிக்கு மேல போயிருக்கும். அதுவும் ஒரு ஸ்பூன். உடம்பு எடுத்துக்கிட்டா மிச்சம் விழ என்ன இருக்கு?"

"அப்பம் சாறுதான் ஒசத்தி?" என்றாள் அவள், விட்ட இடத்தில் பிடித்து.

"பிழிஞ்ச ஒடனே குடிச்சா சாறுல கூட இருக்கும்மா. பாட்டில்ல சாயங்காலம் வரைக்கும் வெச்சா காத்துப் பட்டுக் கொறையும். சுட வெச்சாலும் போகும், செம்புப் பாத்திரத்துல வெச்சாலும் போகும். ஆனா எதுக்கு இந்த வழக்கு? ஒரு நாளைக்கு ஒரு முழுக் காய் கடிச்சுத் தின்னா போதும், ஈறுக்கு அதுவே தாராளம். சாறுதான் வேணும்னா ரெண்டு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணில, சாப்பாட்டுக்குப் பொறவு. குடிச்சதும் வாயைக் கொப்புளிங்க, இல்லாட்டி பல்லு போயிரும். காய் இல்லாத காலத்துல நல்ல பொடி அரை ஸ்பூன். அம்புட்டுத்தான். கூடக் குடிச்சா வயித்தெரிச்சல், சில பேருக்குக் கிட்னியில கல்லுகூட வரும். சக்கரை மாத்திரைக்குப் பதிலு இது எதுவும் கெடையாது, அதையும் மனசுல வெச்சுக்கங்க. ஈறு அப்பயும் கேக்கலன்னா நேரா பல் டாக்டர்ட்ட போங்க."

எழுந்திருக்கும்போது டாக்டர் அவளிடம் தனியாக ஒன்று சொன்னார். "மாத்திரை போடுற ஆளு சட்டைப்பையில எப்பவும் கொஞ்சம் கல்கண்டு வெச்சிருக்கணும். பால்கோவால நெய்யும் பாலும் இருக்கிறதால மெதுவாத்தான் ஏறும். மயக்கம் வந்தா சீனி, கல்கண்டு இதுதான் சட்டுனு எழுப்பும். அதை அவரு தின்னா கோவிச்சுக்காதீங்க."

வரும் வழியில் எனக்குச் சண்டை போட எவ்வளவோ இருந்தது. மைதானத்தில் குந்தியிருந்தது, பையைத் தேடியது, பிள்ளைகள் முன்னால் முழித்தது, ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன். வீட்டு முக்கில் நின்று, "என்னை ஒரு வார்த்தை நம்புனியா நீ?" என்று மட்டும் கேட்டேன். அவள் மளிகைக் கடையில் ஏறி எதையோ வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் நான் சட்டையை மாட்டும்போது பையில் என்னவோ உறுத்தியது. கல்கண்டு, காகிதத்தில் மடித்தது. அன்றிலிருந்து தினமும் அவளே வைத்தாள். தினமும் சாயங்காலம் வாசலில் என் சட்டைப் பையைத் தொட்டும் பார்த்தாள். பழக்கம் போகுமா? எனக்கும் சந்தேகம் போகவில்லை. இவள் என்னைச் சோதிக்கத்தான் வைக்கிறாளோ, எண்ணி வைக்கிறாளோ என்று பல நாள் அதைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ் வழியில் நின்றுவிட்டது. சாப்பாட்டு நேரம் தவறிப் போனது. கை நடுங்க ஆரம்பித்ததும் பையில் இருந்த கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்தேன். அவள் வாசலில் நின்றாள். என் சட்டைப் பையைத் தொட்டாள், அது காலியாக இருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தாள். என்ன கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், பதிலையும் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"நடுங்குச்சா?" என்றாள். "உள்ள வாங்க, சோறு போடுதேன்."